ஐந்தடிப் பாதையின் சாட்சியம்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே பெரும்பாலும் கீழே கடை, மேலே வீடு என ஒட்டி நிற்கும் எளிய கடைவீடுகள்தான். இப்படியொரு வரிசையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க வாதாடும் ஆவணமே முக்கியத்துவ அறிக்கை.

'பழமையான, அழகான கட்டடம்' என்று எழுதினால் எடுபடாது. அது எதற்கும் பொருந்தும். ஒவ்வொரு மதிப்பையும் கண்ணில் படும் ஒரு பாகத்தோடு பிணைக்க வேண்டும்.

கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையைப் பாருங்கள். ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டத்தில் வேர்கொண்ட விதி அது: வெயில், மழை படாமல் நடக்க ஒவ்வொரு கட்டடமும் கூரையுள்ள பாதை விட வேண்டும். பாதை அறுபடாமல் தொடர்ந்தால்தான் அந்த விதி நமக்குப் புரியும். பக்கச் சுவரும் இரு வீட்டுக்கும் பொது. ஆகவே இங்கே மதிப்பு தனி வீட்டில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

பிற்காலத்தில் பொருத்திய கண்ணாடிக் கதவு, இரும்பு ஷட்டர் போன்றவற்றையும் அறிக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். எதைக் காக்க வேண்டும், எதை மாற்றலாம் என்று பின்னாளில் பழுதுபார்ப்பவருக்குச் சொல்லத் தவறினால், அந்த அறிக்கை வெறும் புகழுரைதான்.