இரண்டாவது கரன்ட் கட்

ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். ஒரு சர்வர், கோப்புகள் இருக்கும் ஒரு என்ஏஎஸ் பெட்டி, ஒரு ஸ்விட்ச். மூன்றுக்கும் சேர்த்து யுபிஎஸ் 16 நிமிடம் தாங்கும். கரன்ட் போகிறது. வந்துவிடும் என்று 4 நிமிடம் பார்க்கிறார்கள், வரவில்லை. ஒழுங்காக அணைக்க 7 நிமிடம் ஆகிறது. ஆக 11 நிமிடம் செலவு. இதுவரை யாரும் தவறு செய்யவில்லை.

கரன்ட் வந்த கையோடு எல்லாவற்றையும் ஆன் செய்கிறார்கள். 20 நிமிடத்தில் மறுபடியும் போகிறது. பேட்டரியில் மிச்சமிருந்தது 5 நிமிடம். முழுதாக ஏற அதற்குப் பல மணி நேரம் வேண்டும் என்பதால், அந்த 20 நிமிடத்தில் பெரிதாக எதுவும் கூடியிருக்காது. அணைக்கத் தேவை 7. பாதியிலேயே விளக்கு அணைகிறது.

டேட்டாபேஸ் எதையும் முதலில் லாகில் எழுதிவிட்டுத்தான் மாற்றுகிறது. அதனால் பெரும்பாலும் தானே மீண்டுவிடும். ஆனால் ‘எழுதிவிட்டேன்’ என்று சொன்ன ஹார்டு டிஸ்க், உண்மையில் அதைத் தன் தற்காலிக நினைவில்தான் வைத்திருந்தது என்றால், லாகையும் நம்ப முடியாது.

எழுதுகிறவர் நிறுத்திய பிறகே நோட்டை மூட வேண்டும். அணைக்கும் வரிசை இதிலேயே இருக்கிறது. முதலில் ஊழியர்கள் வெளியேறட்டும், பிறகு கணக்கு மென்பொருள், டேட்டாபேஸ், சர்வர். என்ஏஎஸ் அதற்குப் பின், ஸ்விட்ச் கடைசி. நடுவில் கரன்ட் வந்தாலும் அணைப்பதை முடித்துவிடுங்கள்.

ஆன் செய்யும் வரிசை தலைகீழ், ஆனால் உடனே அல்ல. சர்வர் பாதி பூட் ஆகும்போது கரன்ட் போனால், அது முழுதாக எழ 5 நிமிடம், பிறகு அணைய 7 நிமிடம். ஆக 12 நிமிட சார்ஜ் வேண்டும். 16-இல் அது 75 சதவீதம். அதற்குமுன் பட்டனைத் தொடாதீர்கள். கரன்ட் வந்தவுடன் சர்வர் தானே எழும்படி பயாஸில் `Restore on AC Power Loss` வைத்திருந்தால், அதை `Power Off` ஆக்குங்கள். சர்வர் அணைந்திருப்பதால், யுபிஎஸ்ஸோடு இணைத்த ஒரு லேப்டாப்பில் பாருங்கள். அதிலுள்ள நட் மென்பொருளில் யுபிஎஸ் பெயர் `ups` என்று பதிந்திருந்தால், சார்ஜைப் பார்க்க:

```
upsc ups@localhost battery.charge
```

75 தாண்டியதும் ஸ்விட்ச், பிறகு என்ஏஎஸ். என்ஏஎஸ் பிங்குக்குப் பதில் சொன்னால் போதாது, ஒரு கோப்புறையைத் திறந்து பாருங்கள். திறந்த பிறகே சர்வர். அதில் டேட்டாபேஸ், கடைசியாக ஊழியர்களின் கணினிகள். அவசரப்பட்டு முன்பே ஆன் செய்த கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால், முகவரி தரவேண்டிய சேவை அப்போது எழவில்லை என்று அர்த்தம். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வருடப் பழைய பேட்டரி 16 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடமே தாங்கலாம். அப்போதும் திரையில் 100 என்றுதான் காட்டும். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்வர், என்ஏஎஸ், ஸ்விட்ச் மூன்றையும் முறையாக அணைத்துவிட்டு, அதே அளவு மின்சாரம் இழுக்கும் பல்புகளை யுபிஎஸ்ஸில் மாட்டி, சுவர் பிளக்கைப் பிடுங்கி, கடிகாரத்தைப் பாருங்கள்.