மேடைக்கு முன்னால் ஒரு நிமிடம்

கல்லூரியில் சிறப்புச் சொற்பொழிவு என்றால் அழைப்பிதழ், பிளக்ஸ், பொன்னாடை, நினைவுப்பரிசு எல்லாவற்றுக்கும் ஆள் போட்டு ஏற்பாடு நடக்கும். பேச வருபவர் யார் என்று சொல்லும் குறிப்பை மட்டும் கடைசி நாள் மாலையில் ஒரு மாணவரிடம் தள்ளிவிடுவார்கள். அவர் பேச்சாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவார். அங்கிருந்து எட்டுப் பக்கத் தன்விவரக் குறிப்பு வந்து சேரும். மறுநாள் மேடையில் அது அப்படியே வாசிக்கப்படும். விருதுகளும் குழு உறுப்பினர் பதவிகளும் வரிசையாக வர, மூன்றாவது வரிசையில் இருப்பவர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். பேச்சாளர் பேசத் தொடங்கும் முன்பே அவை கலைந்துவிடுகிறது.

தன்விவரக் குறிப்பு வேலை கொடுப்பவருக்காக எழுதப்படுவது. அதில் எதையும் விட்டுவிடக் கூடாது. அறிமுகக் குறிப்போ, இன்றைக்கு இந்தத் தலைப்பில் பேச இவருக்கு என்ன உரிமை என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். ஆகவே முதலில் உறுதி செய்ய வேண்டியது தலைப்பு. தலைப்பு தெரியாமல் எழுதினால் எதை வெட்டுவது என்று தெரியாது. தெரியாதபோது எல்லாமே உள்ளே வந்துவிடும்.

எல்லோரும் அறிந்த ஒருவரை வைத்து எழுதிப் பார்ப்போம். ஒரு பொறியியல் கல்லூரி, விண்வெளி அறிவியலாளர் மயில்சாமி அண்ணாதுரையைச் சந்திரயான்-1 பற்றிப் பேச அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பற்றி எழுதப் பக்கம் பக்கமாகச் செய்தி உண்டு. அறிவிப்புப் பலகைக்கும் கல்லூரியின் பதிவுக்கும் இவ்வளவு போதும்:

“மயில்சாமி அண்ணாதுரை, இந்தியா நிலவுக்கு அனுப்பிய முதல் விண்கலமான சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர். பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியில் 1958இல் பிறந்தவர். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் பொறியியல் படித்து, 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1, 312 நாள்கள் இயங்கியது. நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் இருப்பதற்கான தடயம் அதில் இருந்த கருவி வழியாகக் கிடைத்தது. பெங்களூரில் உள்ள இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக 2015 முதல் 2018 வரை இருந்தார். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.”

முதல் வாக்கியத்திலேயே சந்திரயான் வந்துவிட்டதைப் பாருங்கள். பிறந்த ஊரில் தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் பலகையைக் கடந்து போகும் மாணவர் ஒரு வரிதான் படிப்பார், அந்த ஒரு வரியில் விஷயம் இருக்க வேண்டும். படித்த கல்லூரிகளை விடாததற்கும் காரணம் உண்டு. கேட்கப் போகிறவர்கள் பொறியியல் மாணவர்கள், பேச வருகிறவரும் கோவையில் பொறியியல் படித்தவர். இதே மனிதர் ஒரு தமிழ் மன்றத்தில் பேச வந்தால் அந்த இடத்தில் அவர் தமிழில் எழுதிய நூல்கள் வரலாம். விருதுகளில் ஒன்று போதும். பத்து விருதைச் சொன்னால் ஒன்றும் நினைவில் நிற்காது.

குறிப்பு ஏன் படர்க்கையில் இருக்க வேண்டும்? அதை வாசிப்பவர் வேறு ஒருவர் என்பதால்தான். “நான் 1982இல் சேர்ந்தேன்” என்று பேச்சாளர் எழுதி அனுப்பியதை, மேடையில் நின்றபடி “இவர் சேர்ந்தார்” என்று மாற்றி வாசிக்கும்போது தொகுப்பாளர் தடுமாறுவார். எழுதும்போதே படர்க்கையில் எழுதிவிட்டால் அழைப்பிதழ், பதிவு, மேடை மூன்றுக்கும் ஒரே குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அழைப்பிதழுக்கு முதல் வாக்கியம் மட்டும், பதிவுக்கு முழுக் குறிப்பு.

பிழை நுழையும் இடங்களும் பெரும்பாலும் தெரிந்தவைதான். இதே எடுத்துக்காட்டில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, இஸ்ரோவில் பெரிய பொறுப்பில் இருந்தவர் என்றதும் “இஸ்ரோவின் முன்னாள் தலைவர்” என்று எழுதிவிடுவது. அண்ணாதுரை அந்தப் பதவியில் இருந்ததில்லை; சந்திரயான்-1 புறப்பட்டபோது இஸ்ரோ தலைவர் ஜி. மாதவன் நாயர். இரண்டாவது, மங்கள்யானின் திட்ட இயக்குநர் என்று எழுதுவது. அந்தப் பொறுப்பு நெல்லை மாவட்டத்துக்காரரான சுப்பையா அருணனுடையது. அண்ணாதுரை அதற்கு மேல்நிலையில் ‘புரோகிராம் டைரக்டர்’ என்ற பொறுப்பில் இருந்தார். இருவருமே பெருமைக்கு உரியவர்கள். ஒருவர் உழைப்பை இன்னொருவர் பெயரில் எழுதினால், முதலில் சங்கடப்படுபவர் மேடையில் அமர்ந்திருக்கும் விருந்தினர்தான். மூன்றாவது, பழைய பதவி. 2017இல் எழுதிய குறிப்பை இன்று எடுத்து ஒட்டினால் அவர் இன்னும் செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராகவே இருப்பார். அவரோ 2018இல் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த மையத்தின் பெயரும் அதே ஆண்டில் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் என்று மாறிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் குறிப்பில் “தற்போது” என்ற சொல்லைக் கண்டால் அது எந்த ஆண்டின் தற்போது என்று பார்த்துவிட வேண்டும்.

இவற்றைத் தவிர்க்க எளிய வழி, எழுதி முடித்ததை இரண்டு நாள் முன்னதாகப் பேச்சாளருக்கே அனுப்பிக் காட்டுவது. பெயரையும் தலைப்பெழுத்தையும் தமிழில் அவர் எப்படி எழுதுகிறார், முனைவர் என்று போட வேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, மகிழ்ச்சியாகவே திருத்தி அனுப்புவார்கள்.

மேடை அறிமுகம் கொஞ்சம் வேறு மாதிரி. பலகையில் இருப்பதை அவையில் இருப்பவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். மேடையில் செய்ய வேண்டியது அவர்களுக்குள் ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டு விலகுவது. சந்திரயான்-1 நிலவுக்கு மேலே 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வந்தது. 2009 மே மாதத்தில் அதை 200 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள். அதற்கு முன்பே கலம் எதிர்பார்த்ததைவிடச் சூடாகியிருந்தது. விண்மீன்களைப் பார்த்துத் திசையறியும் உணரிகளும் பழுதாயின. அறிமுகம் செய்பவர் இவ்வளவையும் சொல்லிவிட்டால் பேச்சாளர் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது. இப்படிச் சொன்னால் போதும்:

“இரண்டு ஆண்டு உழைக்க வேண்டும் என்று அனுப்பிய கலம் அது. ஏழு மாதத்துக்குள் அதன் சுற்றுப்பாதையை இரண்டு மடங்கு உயரத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. 312ஆம் நாள் தொடர்பு அறுந்தது. ஆனால் அதற்குள் நிலவைப் பற்றி நாம் படித்த பாடம் மாறிவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல, அந்தத் திட்டத்தின் இயக்குநரே வந்திருக்கிறார். மயில்சாமி அண்ணாதுரை அவர்களை அன்போடு அழைக்கிறோம்.”

நிதானமாக வாசித்தாலும் அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். ஊர், படிப்பு, விருது சேர்த்தாலும் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாது. பெயர் கடைசியில் வருவதால் கைதட்டல் சரியான இடத்தில் விழும், பேச்சாளரும் எப்போது எழுந்திருப்பது என்று தயங்க வேண்டியிருக்காது. “அறிமுகமே தேவையில்லாதவர்” என்ற தொடரையும் “நேரமின்மை காரணமாக” என்று தொடங்கி நேரத்தை விழுங்கும் வாக்கியங்களையும் எடுத்துவிடலாம். வாசிக்கப் போகும் மாணவர் முந்தின நாள் வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டும். தேதிகளை எண்ணாக மட்டும் எழுதாமல், எப்படி உச்சரிக்க வேண்டுமோ அப்படியே எழுதிக் கொடுத்தால் மேடையில் திணறல் வராது.

கல்லூரியின் பதிவில் இன்னும் சில சேர வேண்டும்: நாள், நேரம், எந்த அரங்கு, உரை தமிழிலா ஆங்கிலத்திலா, பிற துறை மாணவர்கள் வரலாமா, கேள்வி கேட்க நேரம் உண்டா. குறிப்பை எவ்வளவு அழகாக எழுதினாலும் அரங்கின் பெயர் விடுபட்டால் மாணவர்கள் துறை அலுவலகத்தில் வந்துதான் விசாரிப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தக் கோப்பின் தலைப்பில் எழுதிய தேதியைப் போட்டு வைக்க வேண்டும். அடுத்த முறை அவரை அழைக்கும் துறை, எந்த வரியை மறுபடி சரிபார்ப்பது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளும்.