குழந்தையின் காதுக்குள் குச்சி எதற்கு?

வுப்பர்டாலின் எல்பர்ஃபெல்டு கடைத்தெருவில் ஏதாவதொரு ட்ரோகரிக்குள் நுழைந்து குழந்தைப் பொருட்கள் அடுக்கைப் பாருங்கள். நாப்பிக்கும் கிரீமுக்கும் பக்கத்தில் குழந்தைகளுக்கென்றே செய்த பட்ஸ் பெட்டி இருக்கும். பெரியவர்களின் பட்ஸைவிடப் பஞ்சுத்தலை பருத்திருக்கும். ஆழமாகப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பருமன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் தண்டுக்குத் தடை என்பதால் தண்டு காகிதமாக மாறிவிட்டது. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வரும் ஹெபாம்மே, அதாவது இங்கத்திய மருத்துவச்சி, குழந்தையைக் குளிப்பாட்டக் காட்டிக்கொடுக்கும்போதே காதுக்குள் எதையும் விட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். பிறகு ஏன் இதை விற்கிறார்கள் என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்பது நியாயம்தான்.

காது மடலின் வெளி மடிப்புகளைத் துடைக்கத்தான் அது. அதற்கும் ஒரு துணி போதும் என்பது என் கட்சி. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொருள் பிறந்ததே குழந்தைக்காகத்தான். 1923-இல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டன்சாங் என்பவர், தன் மனைவி பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றிக் குழந்தைக்குப் பயன்படுத்தியதைப் பார்த்துவிட்டு, அதைத் தொழிலாக்கினார் என்பார்கள். இன்று பல நிறுவனங்களின் பெட்டியிலேயே ‘காதுத் துளைக்குள் விடாதீர்கள்’ என்ற எச்சரிக்கை அச்சாகி வருகிறது. பெட்டியைத் திருப்பிப் படிப்பவர்கள்தான் குறைவு.

குறும்பி அழுக்கல்ல

காதுத் துளையின் வெளிப்பக்கத் தோலில்தான் மெழுகைச் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. செவிப்பறைக்கு அருகில் உள்ள உட்பகுதியில் அவை இல்லை. ஆகவே குறும்பி உண்டாகும் இடமே வாசலோரம்தான். அது எண்ணெய்ப் பசையும் லேசான புளிப்புத் தன்மையும் கொண்டது. தண்ணீர் ஊறித் தோல் வெடிக்காமலும் கிருமிகள் எளிதில் பெருகாமலும் அதுதான் காக்கிறது.

வெளியே வருவதற்கும் அதற்கு வழி இருக்கிறது. காதுத் துளையின் தோல், செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி, ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. குழந்தை பால் உறிஞ்சும்போது தாடை அசைவதும் இதற்கு உதவும். இப்படி ஊர்ந்து வந்த குறும்பி காய்ந்து, வாசலில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும். அதைத் துடைத்தால் போதும். தெரியாததைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பட்ஸ் உள்ளே போனால்

கைக்குழந்தையின் காதுத் துளை குறுகியது, குட்டையானது. பஞ்சுத்தலை அதை ஏறக்குறைய அடைத்துக்கொண்டுதான் உள்ளே போகும். பஞ்சில் ஒட்டி வெளியே வரும் கொஞ்சம் மெழுகைப் பார்த்து நமக்குத் திருப்தி. மீதி மெழுகு, தானாக வெளியே வந்துகொண்டிருந்தது, பின்னால் தள்ளப்பட்டுச் சுரப்பியே இல்லாத உட்பகுதியில் போய் இறுகுகிறது. அடுத்த வாரம் மறுபடி குடைந்தால் இன்னும் இறுகும். ‘எங்கள் குழந்தைக்கு எப்போதும் காது அடைக்கிறது, அதனால்தான் தினமும் சுத்தம் செய்கிறேன்’ என்று சொல்லும் வீடுகளில், பெரும்பாலும் சுத்தம் செய்வதுதான் அடைப்புக்குக் காரணமாக இருக்கும்.

இன்னொன்று காயம். குழந்தை தலையைத் திருப்பும் வேகம் நம் கைக்குப் பிடிபடாது. தோல் உரிந்தால் இரத்தம் கசியும், அந்தப் புண்ணில் கிருமி சேரும். ஆழமாகப் போனால் செவிப்பறை கிழியும். அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரையிலான அவசரப் பிரிவுப் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குச்சியால் காதில் காயம்பட்டு வந்த 18 வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 2,63,000 பேர் என்று மதிப்பிட்டது. அதாவது நாளொன்றுக்கு 34 பேர். அவர்களில் 40 விழுக்காட்டினர் மூன்று வயதைத் தாண்டாதவர்கள். நான்கில் மூன்று சம்பவங்களில் குச்சி பிள்ளையின் கையிலேயே இருந்திருக்கிறது. பெரியவர் காதைக் குடைவதைப் பார்த்த பிள்ளை அதையே செய்யும். பட்ஸ் பெட்டியைக் குளியலறை மேடையில் திறந்து வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எதை, எப்படித் துடைப்பது

குளித்த பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியை விரலில் சுற்றிக்கொண்டு மடலின் வளைவுகளைத் துடையுங்கள். துணி சுற்றிய விரல் துளைக்குள் நுழையாது, அதுவே பாதுகாப்பு. சோப்பு தேவையில்லை. தண்ணீர் உள்ளே போய்விட்டால் குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், அதுவாக வடியும். வாயால் ஊதி வெளியேற்றுவது வேண்டாம்.

நாம் கவனிக்காமல் விடுவது காதின் பின்பக்கம். படுத்தபடி கக்கிய பால் கன்னத்தில் வழிந்து காதுக்குப் பின்னால் போய்த் தங்கும். அங்கே ஈரமும் பாலும் சேர்ந்து தோல் சிவந்து, சில சமயம் வெடித்து, அடியில் மஞ்சள் பொருக்காகக் கட்டும். மடலை மெல்ல முன்னுக்கு வளைத்து, அந்த மடிப்பைத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். காதைப் பிடித்துச் சொறியும் பல குழந்தைகளுக்குக் கோளாறு காதுக்குள் இல்லை, இந்த மடிப்பில்தான்.

ஒரே குழந்தை, இரண்டு தடவை

பார்மனில் வசிக்கும் ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். ஐந்தாவது மாதத்தில் பெண் குழந்தை அடிக்கடி இடது காதைப் பிடித்து இழுக்கிறாள். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, வழக்கம்போல் பால் குடிக்கிறாள், சிரிக்கிறாள். தூக்கம் வரும் நேரத்தில் இழுப்பது கூடுகிறது. இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கை எட்டுகிற வயதில் குழந்தை தன் காதைக் கண்டுபிடித்திருக்கிறது. களைப்பில் அதைப் பற்றிக்கொள்கிறது. பல் முளைக்கும்போதும் ஈறின் வலி காதுப்பக்கம் தெறிப்பதால் இப்படிச் செய்யும். காதை இழுப்பது மட்டுமே, வேறு குறி எதுவும் இல்லாமல் இருந்தால், நடுக்காதுத் தொற்றாக இருப்பது அரிது.

எட்டாவது மாதத்தில் அதே குழந்தைக்கு மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது. நான்காம் நாள் இரவு 38.4 டிகிரி காய்ச்சல். படுக்கவைத்தால் வீறிட்டு அழுகிறாள், தூக்கினால் கொஞ்சம் அடங்குகிறாள். பாலை இரண்டு மடக்கு குடித்துவிட்டு விலக்கி அழுகிறாள், காதையும் இழுக்கிறாள். இந்த இழுப்புக்கு அர்த்தம் வேறு. நடுக்காதையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் குழாய் இந்த வயதில் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளியோடு கிருமி எளிதில் மேலேறுகிறது. அழுத்தம் கூடும்போது படுத்தால் வலி அதிகம், விழுங்கும்போதும் வலிக்கும். காதைவிட அந்தச் சளியும் காய்ச்சலும் இரவு அழுகையும் பால் மறுப்பும்தான் விஷயத்தைச் சொல்கின்றன.

பூண்டெண்ணெயும் வெங்காய மூட்டையும்

அந்த இரவில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா தொலைபேசியில் சொல்வார்: “கொஞ்சம் உள்ளி போட்டு எண்ணெய் காய்ச்சி விடு பிள்ளை, சரியாப் போயிடும்.” மேல்மாடி ஜெர்மன் பாட்டி வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் துணியில் கட்டி, இளஞ்சூடாகக் காதின்மேல் வைக்கச் சொல்வார். இரண்டு ஊரிலும் பாட்டிகள் ஒரே மாதிரிதான்.

இவற்றில் வெங்காய மூட்டை வெளியே இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. சூடு கன்னத்தைச் சுடாமலும் சாறு உள்ளே வடியாமலும் பார்த்தால் போதும். அது நோயைத் தீர்க்கும் என்று நம்பிக் காத்திருக்கத்தான் கூடாது. எண்ணெய் அப்படியல்ல. செவிப்பறை முழுசாக இருக்கிறதா, ஏற்கெனவே கிழிந்திருக்கிறதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கிழிந்திருந்தால் எண்ணெயும் பூண்டும் நேராக நடுக்காதுக்குள் போகும். தாய்ப்பாலையும் காதுக்குள் விட வேண்டாம். மருத்துவர் காதைப் பார்க்கும்போது செவிப்பறையை மறைப்பதும் இந்த எண்ணெய்தான்.

வலிக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம். அளவு எடையைப் பொறுத்தது: எட்டுக் கிலோ குழந்தைக்கு இங்கே 125 மில்லிகிராம் ஆசனவாய் மாத்திரை ஒன்று, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் போகாமல். ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம். 1897-இல் இதே எல்பர்ஃபெல்டில், பாயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான மருந்துதான் அது. ஆனால் காய்ச்சலுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற ஆபத்து உண்டு.

மருத்துவர் என்ன செய்வார்

மருத்துவர் மடலைப் பின்னும் கீழுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒளிக்கருவியால் செவிப்பறையைப் பார்ப்பார். சிவந்திருப்பது மட்டும் போதாது, அழுதாலே சிவக்கும். சீழின் அழுத்தத்தால் வெளிப்பக்கம் புடைத்திருக்க வேண்டும். மெழுகு மறைத்தால் அவரே எடுப்பார்.

நம்மவர்கள் இங்கே ஏமாற்றமடையும் இடம் ஒன்று உண்டு. உடனே ஆன்டிபயாட்டிக் எழுதித் தராமல், இரண்டு நாள் வலி மருந்தோடு கவனித்து வரச் சொல்வார்கள். அசட்டையினால் அல்ல, இந்தத் தொற்று பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, இரண்டு காதிலும் தொற்று உள்ள இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, சீழ் வடியும் காது, கடுமையான காய்ச்சல் அல்லது வலி என்றால் காத்திருப்பதில்லை. நம் எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு காது மட்டும்தான் என்றால் மருத்துவர் காத்திருக்கச் சொல்லலாம். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடவில்லையென்றால் திரும்பப் போக வேண்டும்.

புதன் பிற்பகலில் பல மருத்துவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள், வார இறுதியிலும் அப்படித்தான். அப்போது 116117 என்ற எண்ணில் அழைத்தால் எங்கே போவதென்று சொல்வார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல், காதின் பின்னால் சிவந்து வீங்கி மடல் முன்னுக்குத் தள்ளப்பட்டிருப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, கழுத்து விறைப்பது, பட்ஸ் குத்தி இரத்தம் வருவது ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். குழந்தையை எழுப்பவே முடியவில்லை, மூச்சுத் திணறுகிறது என்றால் 112.

திடீரென்று சீழ் வடிந்து அழுகை நின்றுவிட்டால் பயந்து பஞ்சை அடைக்காதீர்கள். செவிப்பறையில் சிறு துளை விழுந்து அழுத்தம் இறங்கியிருக்கிறது. அது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். வெளியே வந்ததை மட்டும் துடைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் போன பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் சில வாரங்கள் தங்குவது சகஜம். மூன்று மாதம் தாண்டியும் அது வற்றவில்லையென்றால், அல்லது பெயர் சொல்லி அழைத்தால் முன்புபோல் திரும்பவில்லையென்றால், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.