பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதா? மூன்று கேள்விகளில் தெரியும் உண்மை

"எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது!"

அமெரிக்காவில் 100 பேரை விசாரித்தால் ஏறக்குறைய 10 பேர் இப்படிச் சொல்லுகிறார்கள். அவர்களுடைய ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால், இப்படிச் சொல்லுகிறவர்களை முறைப்படி பரிசோதித்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் வெளிப்படுகிறது. அவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் பெனிசிலின் ஒரு கெடுதலும் செய்வதில்லை!

அப்படியானால் அந்தச் சீட்டில் இருப்பது பொய்யா? பொய் அல்ல, தவறு. அந்தத் தவறு எப்படி நேருகிறது? அதனால் என்ன நஷ்டம்? அதை எப்படித் திருத்துவது?

தவறு எப்படி நேருகிறது?

பெனிசிலின் என்பது ஒரே ஒரு மருந்து அல்ல. அது ஒரு குடும்பம். தொண்டை வலிக்கும் காது வலிக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

சிலருடைய உடம்பு இந்த மருந்தைப் பகைவன் என்று எண்ணிவிடுகிறது. மறுபடி அந்த மருந்து உள்ளே போனதும் அதை எதிர்த்துக் கிளம்புகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் அரித்துத் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். உதடும் முகமும் வீங்கும். மூச்சுத் திணறும். ரத்த அழுத்தம் இறங்கி ஆள் மயங்கி விழலாம். இதுதான் உண்மையான ஒவ்வாமை. உயிருக்கே ஆபத்தானது.

ஆனால் சீட்டில் ஏறுவது எல்லாம் இதுவல்ல.

ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. மருந்து கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் மார்பிலும் முதுகிலும் சிவப்புப் பொரி கிளம்புகிறது. பல சமயங்களில் அந்தப் பொரிக்குக் காரணம் காய்ச்சலை உண்டாக்கிய வைரஸ் கிருமியேதான். பழியோ மருந்தின் மேல் விழுகிறது!

மருந்து சாப்பிட்டதும் ஒருவருக்கு வயிறு இளகுகிறது, இன்னொருவருக்குக் குமட்டுகிறது. இவை மருந்தின் பக்க விளைவுகள். ஒவ்வாமை அல்ல. "அம்மாவுக்கு ஆகாது, ஆகவே எனக்கும் ஆகாது" என்று எழுதிக்கொண்டவர்களும் உண்டு. அதுவும் சரியல்ல.

நம் ஊர்களில் ஊசி போடுமுன் கையில் கொஞ்சம் மருந்தைக் குத்திப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. மருந்தைச் சரியான அளவில் கரைக்காவிட்டால், வெறும் எரிச்சலாலேயே அந்த இடம் தடிக்கலாம். அதைப் பார்த்து "ஒத்துக்கொள்ளாது" என்று எழுதிவிட்டால், அந்தச் சொல் ஆயுள் முழுவதும் கூடவே வரும்.

இன்னொன்றும் உண்டு. உண்மையான ஒவ்வாமையும் நாளாக ஆக மறைந்துபோகும். அந்த மருந்தைத் தொடாமல் பத்து ஆண்டுகள் கழிந்தால், 100-க்கு 80 பேருக்கு ஒவ்வாமை போய்விடுகிறது. உடம்பு மறந்துவிடுகிறது, சீட்டு மறப்பதில்லை!

இதனால் என்ன நஷ்டம்?

"பெனிசிலின் வேண்டாம், வேறு மருந்து கொடுத்தால் போயிற்று" என்று தோன்றலாம். அந்த வேறு மருந்து அவ்வளவு நன்றாக வேலை செய்யாவிட்டால்?

முழங்கால் மூட்டு மாற்றும் ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். தோலில் குடியிருக்கும் கிருமிகள் புண்ணுக்குள் புகுந்துவிடக் கூடாது. அதற்காகக் கத்தி வைப்பதற்கு முன்னால், ஒரு மணி நேரத்துக்குள், செபசோலின் என்ற மருந்தை நரம்பு வழியாக ஊசி போடுவார்கள். சில நிமிஷங்களில் போட்டுவிடலாம்.

செபசோலின், பெனிசிலினுக்குத் தூரத்து உறவு. பெனிசிலின் ஆகாதவர்களிலும் பெரும்பாலோருக்கு அது கெடுதல் செய்யாது. ஆனாலும் சீட்டில் "பெனிசிலின் ஆகாது" என்று கண்டதும், டாக்டர்கள் பயந்து அதை ஒதுக்கிவிடுவது உண்டு. பதிலுக்கு வான்கோமைசின் போன்ற வேறு மருந்தைக் கொடுப்பார்கள்.

வான்கோமைசினைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமாவது ஏற்ற வேண்டும். முன்கூட்டியே தொடங்காவிட்டால், மருந்து முழுவதும் இறங்குமுன் ஆபரேஷன் ஆரம்பமாகிவிடும். அன்றியும், தோலில் உள்ள சாதாரணக் கிருமிகளைக் கொல்லுவதில் அது செபசோலினைவிட மெதுவானது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 8,385 நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மூட்டு, இருதயம், குடல், கருப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அவர்கள். முடிவு 2018-ம் ஆண்டில் வெளியாயிற்று. "பெனிசிலின் ஆகாது" என்ற குறிப்பு உள்ளவர்களுக்கு, ஆபரேஷன் புண்ணில் கிருமி பற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது!

என்ன காரணம்? அவர்கள் உடம்பில் குறை இல்லை. நல்ல மருந்துக்குப் பதில் வேறு மருந்து கிடைத்ததே காரணம் என்று அந்தக் கணக்கு காட்டியது.

மூன்று கேள்விகள்

சீட்டில் இருப்பது உண்மையா, தவறா என்று எப்படி அறிவது?

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து டாக்டர்கள் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். 2020-ம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். நோயாளியிடம் மூன்று கேள்விகள் கேட்டு மார்க் போட வேண்டியதுதான்.

முதல் கேள்வி: அது நடந்து ஐந்து ஆண்டுக்குள்தானா? ஆம் என்றால் 2 மார்க்.

இரண்டாவது கேள்வி: முகம், தொண்டை வீங்கியதா, மூச்சுத் திணறி மயக்கம் வந்ததா, அல்லது தோல் உரிவது போன்ற கடுமையான நோய் வந்ததா? ஆம் என்றால் 2 மார்க்.

மூன்றாவது கேள்வி: அதற்காகச் சிகிச்சை தேவைப்பட்டதா? ஆம் என்றால் 1 மார்க்.

இந்தப் பரீட்சையில் மார்க் குறைவாக வாங்குவதே நல்லது! ஒரு மார்க்கும் இல்லை என்றால், உண்மையான ஒவ்வாமை இருப்பது 100-ல் ஒருவருக்கும் குறைவு. ஒன்று, இரண்டு என்றால் 100-ல் சுமார் 5 பேர். மூன்று என்றால் 20 பேர். நான்கு, ஐந்து என்றால் பாதிப் பேர்.

உதாரணத்துக்கு 48 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். முழங்கால் ஆபரேஷனுக்கு வந்திருக்கிறார். சீட்டில் "பெனிசிலின் ஆகாது" என்று இருக்கிறது. டாக்டர் விசாரிக்கிறார்.

"எப்போது நடந்தது, அம்மா?"

"ஆறு வயதில், டாக்டர். தொண்டை வலி என்று மருந்து கொடுத்தார்களாம். மூன்றாம் நாள் உடம்பில் பொரிப் பொரியாகக் கிளம்பியதாம். என் தாயார் சொல்லுவார்கள்."

"முகம் வீங்கியதா? மூச்சு முட்டியதா?"

"அப்படியெல்லாம் இல்லை."

"அதற்கு ஏதாவது வைத்தியம் செய்தார்களா?"

"இல்லை. இரண்டு நாளில் தானாகவே மறைந்துவிட்டதாம்."

நடந்து 42 ஆண்டு ஆகிறது. வீக்கமும் இல்லை, வைத்தியமும் இல்லை. மொத்தம் பூஜ்யம்!

இவருக்கு ஆஸ்பத்திரியிலேயே அமாக்சிசிலின் மாத்திரை ஒன்றைக் கொடுத்து விழுங்கச் சொல்லுவார்கள். வழக்கமாக 250 அல்லது 500 மில்லிகிராம். ஒரு மணி நேரமாவது பக்கத்தில் இருந்து தோல், மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆபத்து வந்தால் உடனே போட அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும். வீட்டுக்குப் போன பின் சில நாளில் பொரி கிளம்பினாலும் வந்து சொல்லும்படி எச்சரிப்பார்கள்.

ஒன்றும் நேரவில்லை என்றால், சீட்டில் உள்ள குறிப்பை அடித்துவிடலாம். ஆபரேஷனுக்குச் செபசோலினை அச்சமின்றிப் போடலாம்.

இந்த மாத்திரைச் சோதனையை நம்பலாமா? ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2023-ல் வெளியாயிற்று. மூன்றுக்குக் குறைவாக மார்க் வாங்கிய 377 பேரின் கணக்கு அது. 187 பேருக்கு நேராக மாத்திரை கொடுத்தார்கள். 190 பேருக்கு முதலில் தோலில் சோதனை செய்து, பிறகு மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஒரே ஒருவருக்குத்தான் ஒவ்வாமை தெரிந்தது!

எல்லோருக்கும் அல்ல

இப்போது வேறொருவரை நினைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுக்கு முன் ஊசி போட்ட பத்தே நிமிஷத்தில் இவருக்கு உடம்பு தடித்தது. தொண்டை வீங்கியது. அட்ரினலின் போட்டுப் பிழைத்தார். இவருக்கு 2, 2, 1. மொத்தம் 5.

இவருக்கு நேராக மாத்திரை கொடுப்பது ஆபத்து. ஒவ்வாமை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அவர் சோதனைக்கென்று அளவாகக் கரைத்த மருந்தை முதலில் தோலில் லேசாகக் கீறிப் பார்ப்பார். பிறகு தோலுக்குள் ஊசியால் துளி மருந்து செலுத்துவார். ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 நிமிஷம் காத்திருந்து தடிப்பை அளப்பார். பக்கத்தில் வெறும் உப்பு நீரையும் வைத்து ஒப்பிடுவார். தடிப்பு இல்லை என்றால்தான் வாய்வழி மருந்து.

இன்னும் சிலருக்கு எந்தச் சோதனையுமே கூடாது. மருந்தினால் வாய், கண் எல்லாம் புண்ணாகித் தோல் உரிந்தவர்கள், சிறுநீரகமோ ஈரலோ பாதிக்கப்பட்டவர்கள் அந்தக் குடும்பத்து மருந்தை மறுபடி தொடவே கூடாது. அவர்கள் சீட்டில் உள்ள எச்சரிக்கை அப்படியே இருக்க வேண்டும்.

உண்மையான ஒவ்வாமை உள்ள ஒரு கர்ப்பிணிக்கு மேகநோய் இருந்தால் என்ன செய்வது? வயிற்றிலுள்ள குழந்தையைக் காப்பாற்ற நம்பத்தக்க மருந்து பெனிசிலின் ஒன்றே. ஆகவே ஆஸ்பத்திரியில் வைத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, உடம்பைப் பழக்கிக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம் அந்தச் சிகிச்சை நடக்கும் வரைதான். விட்டுவிட்டால் ஒவ்வாமை திரும்பிவிடும்.

சீட்டைத் திருத்த மறவாதீர்!

ஒருபோதும் வீட்டில் நீங்களே மாத்திரை விழுங்கிச் சோதித்துப் பார்க்காதீர்கள். டாக்டர் முன்னிலையில் செய்ய வேண்டிய காரியம் இது.

அவர் கேட்பதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். எந்த மருந்து? எத்தனை வயதில்? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில்? உடம்பில் என்ன தெரிந்தது? என்ன வைத்தியம் நடந்தது? அதற்குப் பிறகு தெரியாமல் எப்போதாவது அமாக்சிசிலின் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்ததா? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் தேறியவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. ஓர் ஆஸ்பத்திரியில் அடித்த குறிப்பு இன்னோர் ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படியே நிற்கும். பழக்கத்தால் வீட்டாரே "ஆகாது" என்று மறுபடி சொல்லிவிடுவார்கள். ஆகவே, "இந்தத் தேதியில் இந்த மருந்து கொடுத்துச் சோதித்தோம், ஒத்துக்கொண்டது" என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு பிரதியைக் குடும்ப டாக்டரிடம் கொடுங்கள். ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.