336 எங்கிருந்து வந்தது?

சமன்பாட்டுக் கணக்கில் ஒரு வசதி உண்டு. x = 3 என்று விடை வந்தால் அதைத் திரும்பச் சமன்பாட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். இருபுறமும் சமமானால் நிம்மதி. பிளஸ் ஒன்னில் வரும் வரிசை மாற்றம், சேர்வு கணக்குகளில் அந்த வசதி கிடையாது. ‘336 விதங்கள்’ என்று ஒரு விடை வந்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய்ப் பிரதியிடுவது? அதனால்தான் பிள்ளைகள் கணக்கை முடித்த கையோடு புத்தகத்தின் விடைப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

336 என்பது நான் சும்மா எடுத்த எண் அல்ல. பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் நோட்டோடு வந்தாள். “மாமா, எனக்கு 336 வருது. புக்குல 186னு போட்டிருக்கு. புக்கு தப்பா?”

கணக்கு இதுதான்: 6 ஆண்கள், 4 பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிலிருந்து 5 பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும். குழுவில் குறைந்தது 2 பெண்களாவது இருக்க வேண்டும். எத்தனை விதமாக அமைக்கலாம்?

அவள் போட்ட வழி பார்வைக்குக் குற்றமில்லாதது. நிபந்தனையை முதலில் தீர்த்துவிடலாம் என்று 4 பெண்களில் 2 பேரைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கு 6 வழிகள். மீதி 8 பேரில் யாரை வேண்டுமானாலும் 3 பேர் எடுக்கலாம். அதற்கு 56 வழிகள். 6 × 56 = 336.

“நிபந்தனையே இல்லாம பத்துப் பேர்ல அஞ்சு பேரை எடுத்தா எத்தனை?” என்று கேட்டேன். 10C5 போட்டாள். 252 வந்தது. பேனாவை வைத்துவிட்டாள். நிபந்தனை போட்டால் குழுக்களின் எண்ணிக்கை குறையும், அல்லது அப்படியே இருக்கும்; கூடவே கூடாது. 252ஐத் தாண்டிய விடை எதுவாக இருந்தாலும் தவறுதான். இதைக் கண்டுபிடிக்க விடைப் பக்கம் தேவைப்படவில்லை.

தவறு என்று தெரிந்தால் மட்டும் போதாதே, எங்கே நுழைந்தது? அதற்கு நான் நம்பும் வழி, முடிந்துபோன ஒரு குழுவைக் கையில் எடுத்து, ‘என் கணக்கு இந்தக் குழுவை எத்தனை தடவை எண்ணியிருக்கிறது?’ என்று கேட்பது. பதில் சரியாக ஒன்று என்று வர வேண்டும். சுழியம் என்றால் விடுபட்டுவிட்டது. இரண்டோ மூன்றோ என்றால், இல்லாத வரிசை ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது.

செல்வி, மாலா, தேவி, முருகன், ரவி என்று ஒரு குழுவை எடுத்துக்கொண்டோம். அவள் வழியில் இந்தக் குழு எப்படி உருவாகும்? முதலில் செல்வியும் மாலாவும் வந்து, தேவி பிறகு ‘யாராவது மூவரில்’ ஒருத்தியாக வந்திருக்கலாம். முதலில் செல்வியும் தேவியும் வந்து, மாலா பின்னால் வந்திருக்கலாம். மாலாவும் தேவியும் முதலில் வந்திருக்கவும் கூடும். ஒரே குழு, மூன்று தடவை எண்ணப்பட்டிருக்கிறது. நான்கு பெண்களும் உள்ள குழு இதே போல 6 தடவை எண்ணப்படும். சரியாக இரண்டே பெண்கள் உள்ள குழுவுக்குத்தான் ஒரே தடவை.

இனி வகை பிரித்துப் போட்டால் 2 பெண்கள், 3 ஆண்கள் உள்ள குழுக்கள் 6 × 20 = 120. 3 பெண்கள், 2 ஆண்கள் என்றால் 4 × 15 = 60. 4 பெண்கள், 1 ஆண் என்றால் 1 × 6 = 6. மொத்தம் 186, புத்தகம் சொன்னது சரிதான். அவளுடைய 336 எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது வெளிச்சமாகிறது: 120 × 1 + 60 × 3 + 6 × 6 = 336. தவறான விடை துல்லியமாக வெளிப்பட்டால் வருகிற திருப்தி சரியான விடையில்கூட வருவதில்லை, எனக்கு.

குழுவுக்கு வரிசை இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வோர் அடியிலும் சேர்வைப் பயன்படுத்தினாள். ஆனாலும் ‘நிபந்தனைக்காக வந்த பெண்கள்’, ‘பிறகு வந்த பெண்கள்’ என்ற முன்பின் அவளை அறியாமலே நுழைந்துவிட்டது. முடிந்த குழுவைப் பார்த்தால் யார் முதலில் வந்தாள் என்று சொல்லவே முடியாது. வரிசை முக்கியமா என்ற கேள்வியைக் கணக்கின் வாசகத்திடம் கேட்பது பாதி வேலைதான். நாம் போட்ட வழியிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

வாசகத்திடம் கேட்பதற்கு எளிய சோதனை, இருவரை இடம் மாற்றிப் பார்ப்பது. முருகனும் ரவியும் குழு உறுப்பினர்கள் என்றால், மாற்றிச் சொன்னாலும் அதே குழு. முருகன் தலைவர், ரவி செயலாளர் என்றால், மாற்றிய உடனே வேறு நிர்வாகம். ‘தேர்ந்தெடு’, ‘அடுக்கு’ போன்ற சொற்களை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். “தலைவர், செயலாளர், பொருளாளரைத் தேர்ந்தெடுக்கவும்” என்ற வாக்கியத்திலும் ‘தேர்ந்தெடு’தான் இருக்கிறது, ஆனால் வரிசை முக்கியம்.

பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில் இதற்கு அழகான எடுத்துக்காட்டு உண்டு. திருமாலின் நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை. இவற்றைக் கை மாற்றி மாற்றி வைத்தால் எத்தனை வடிவங்கள் என்று கேட்கிறார். விடை 24. எந்தக் கையில் எது என்பதே வடிவத்தைத் தீர்மானிப்பதால் இங்கே இடமாற்றம் புதிய உருவம் தருகிறது. கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கும் 24 மூர்த்தங்களைச் சிற்ப நூல்கள் பிரித்துக் காட்டுவதும் இப்படித்தான். அவருக்கு ஆறு நூற்றாண்டுகள் முன்பு வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் 16 வாசனைப் பொருள்களில் நான்கு நான்காகச் சேர்த்தால் 1820 கலவைகள் என்று சொல்லியிருக்கிறார். கலவையில் எது முன்னால் விழுந்தது என்று மூக்குக்குத் தெரியாது. ஆகவே இது சேர்வு. ஆனால் அந்த நான்கையும் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு, நான்கு பங்கு என்று அளவு மாற்றிக் கலந்தால், பொருள்கள் இடம் மாறும்போது மணமும் மாறும். ஒவ்வொரு நான்குக்கும் 24 விதம் கிடைத்து, எண்ணிக்கை 43,680 ஆகிவிடும்.

விடுபடுவது இன்னொரு கதை. மேலே சொன்ன குழுக் கணக்கையே சிலர் 120 + 60 = 180 என்று முடித்துவிடுவார்கள். ‘குறைந்தது இரண்டு’ என்றதும் இரண்டும் மூன்றும் நினைவுக்கு வரும், நான்கு மறந்துபோகும். இதைப் பிடிக்க எதிர்ப்பக்கத்தையும் எண்ண வேண்டும். நிபந்தனைக்கு உட்படாத குழுக்கள் எவை? பெண்களே இல்லாதவை 6. ஒரே பெண் உள்ளவை 4 × 15 = 60. ஆக 66. உட்பட்டவையும் உட்படாதவையும் சேர்ந்து 252 ஆக வேண்டும். 180 + 66 = 246. ஆறு குழுக்களைக் காணோம். அந்த ‘ஆறு’ என்ற எண்ணே துப்பு: நான்கு பெண்களோடு ஆறு ஆண்களில் ஒருவர் சேரும் குழுக்கள்தான் அவை.

இப்படி விட்டுவிடுவது பள்ளிப் பிள்ளைகளின் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எட்டுச் சொற்கள் கொண்ட ஒரு லத்தீன் வரி பெரும் புதிராக இருந்தது. பெர்ன்ஹார்ட் பௌஹூய்ஸ் என்ற பாதிரியார் கன்னி மரியாள் மேல் எழுதியது. சொற்களை இடம் மாற்றினாலும் யாப்பு கெடாமல் எத்தனை விதமாக எழுதலாம் என்பது கேள்வி. வெண்பாவில் சீர்களைக் கலைத்தால் பெரும்பாலும் தளை தட்டுவது போல, 40,320 வரிசைகளில் பெரும்பாலானவை யாப்பில் நிற்காது. எரிசியஸ் புடேனஸ் 1617இல் 1022 வரிகளை எழுதிக் காட்டி அங்கே நிறுத்திக்கொண்டார். தாலமியின் பட்டியலில் இருந்த விண்மீன்களின் எண்ணிக்கை அது. பிறகு ஜான் வாலிஸ் போன்ற பெரிய கணிதர்கள் எண்ணினார்கள். வாலிஸுக்கு 3096 கிடைத்தது. 1713இல் வெளிவந்த தன் நூலில் யாக்கோப் பெர்னூலி வகை பிரித்து எண்ணி 3312 என்று காட்டினார். வகைகளை முழுமையாக எண்ணாமல் விடுவதைப் போல நாம் அடிக்கடி செய்யும் பிழை வேறில்லை என்று அவர் அந்நூலில் சொல்வது, இத்தனை பேரின் விடைகளைப் பார்த்த பிறகு மிகையாகத் தோன்றவில்லை.

எதிர்ப்பக்கம் எண்ணுவதற்கும் ஓர் எல்லை உண்டு. வரிசை முக்கியம் என்று தவறாக நினைத்து இரண்டு பக்கங்களையும் அப்படியே எண்ணினால், கூட்டல் பிசகாமல் பொருந்தும். விடை மட்டும் 120 மடங்கு பெரிதாக இருக்கும். அதனால் இடமாற்றச் சோதனையை அது ஈடுசெய்யாது. இரண்டுமே சந்தேகமாக இருந்தால், எண்களைச் சுருக்கிக் கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. 3 பெண்கள், 2 ஆண்கள். 3 பேர் குழு. குறைந்தது 2 பெண்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் வழியில் 3 × 3 = 9 வரும். பெண்கள் க, ச, த. ஆண்கள் ப, ம என்று வைத்து அகராதி வரிசையில் எழுதினால் கசத, கசப, கசம, கதப, கதம, சதப, சதம. ஏழுதான். அகராதி வரிசை முக்கியம். மனம் போனபடி எழுதினால் பட்டியலிலேயே ஒன்று விடுபடும். ஒன்பதுக்கும் ஏழுக்கும் இடையிலான இரண்டு, கசத மூன்று தடவை எண்ணப்பட்டதால் வந்தது.

அவள் நோட்டில் ஏழையும் எழுதி முடித்துவிட்டு, தானே ஒரு கேள்வி போட்டாள். “இந்த அஞ்சு பேர் குழுவை வரிசையா நிக்க வச்சுப் போட்டோ எடுத்தா, எத்தனை விதமான போட்டோ வரும் மாமா?” நான் பதில் சொல்வதற்குள், செல்வியையும் முருகனையும் மனசுக்குள் இடம் மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். “வேற போட்டோ” என்று முணுமுணுத்துக்கொண்டு, 186ஐ 120ஆல் பெருக்கி 22,320 என்று எழுதினாள்.