31ஆம் நாள் எழுத வேண்டிய புகார்

ஏடிஎம்மில் பணம் வராமலேயே கணக்கில் மட்டும் தொகை கழிந்துவிட்டால், கிளையில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "ரெண்டு நாள்ல தானா ஏறிடும்மா, பாருங்க" என்பதுதான். பெரும்பாலும் ஏறியும் விடுகிறது. ஏறாதபோதுதான் சிக்கல். வாரக்கணக்கில் கிளைக்கு நடப்பவர்கள், கடைசியில் "மெயின் ஆபீசுக்கு அனுப்பியிருக்கோம்" என்ற வார்த்தையோடு திரும்புகிறார்கள். அவர்களில் பலருக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும். அவரிடம் போன புகாரும் சில நேரம் விசாரணைக்கே வராமல் மூடப்படுவது ஏன் என்பதுதான் தெரிவதில்லை.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வங்கிக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் வாசற்படியே அதுதான். முதலில் வங்கியிடம் எழுத்துபூர்வமாகப் புகார் செய்ய வேண்டும். வங்கி அதை முழுவதுமாகவோ பகுதியாகவோ நிராகரித்திருக்க வேண்டும், அல்லது தந்த பதில் நமக்கு நிறைவளிக்காமல் இருக்க வேண்டும், அல்லது 30 நாள் பதிலே வராமல் போயிருக்க வேண்டும். கிளை மேலாளரிடம் பத்து முறை வாய்ச்சொல்லாகச் சொன்னதற்கு இங்கே மதிப்பில்லை. 30 நாள் கணக்கு தொடங்குவது எழுத்துப் புகாரின் தேதியிலிருந்துதான். அதனால் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வங்கியின் இணையதளத்தில் பதிந்தால் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். இந்த ஒரு தாள் இல்லையென்றால் மற்ற எந்த ஆதாரமும் உதவாது.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். மதுரையில் ஓய்வூதியம் வாங்கும் ஓர் அம்மா, 2024 மார்ச் 4ஆம் தேதி வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்க முயன்றார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. இயந்திரம் வேறு வங்கியுடையது என்பதால் அங்கே அலைய வேண்டியதில்லை. அவருக்கு அட்டை கொடுத்த வங்கிதான் பதில் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பர் 20ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இப்படித் தோல்வியடைந்த ஏடிஎம் பரிவர்த்தனைக்கான பணத்தை, நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிச் செலுத்த வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். அதை வாடிக்கையாளர் கேட்டுத்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. இவருக்கு அந்த ஐந்து நாள் மார்ச் 9ஆம் தேதி முடிகிறது.

மார்ச் 11ஆம் தேதி அவர் கிளையில் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குகிறார். அந்தக் கடிதத்தில் நாள், நேரம், ஏடிஎம் இருந்த இடம், குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண், தொகை எல்லாம் இருக்கின்றன. இன்னும் இரண்டு வரியும் இருக்க வேண்டும், பலரும் அவற்றை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அந்த இயந்திரத்தின் மின்னணுப் பதிவையும் அன்றைய பண இருப்புக் கணக்கையும் சரிபார்த்துச் சொல்லும்படி கேட்பது. மற்றொன்று, அந்த நேரத்துக் கண்காணிப்புக் கேமரா காட்சியை அழியாமல் வைக்கும்படி கேட்பது. வங்கியின் வாடிக்கையான மறுப்பு, "பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்திருக்கிறது" என்பதுதான். அது பெரும்பாலும் பதிவில் உள்ள ஒரு குறியீட்டை மட்டும் பார்த்துச் சொல்வது. பணப் பெட்டியில் அன்று மிச்சம் இருந்ததா என்பதைப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். கேமரா காட்சியோ காலம் போகப் போக அழிந்துவிடும். அதனால்தான் முதல் கடிதத்திலேயே கேட்டு வைக்க வேண்டும்.

இருபது நாள் கழித்து வங்கியிடமிருந்து "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. இதைக் கண்டு காத்திருந்து ஏமாறுபவர்கள் ஏராளம். பரிசீலனையில் உள்ளது என்பது தீர்வு அல்ல, அது 30 நாள் கணக்கை நிறுத்தவும் செய்யாது. ஏப்ரல் 10ஆம் தேதியோடு 30 நாள் முடிகிறது. 11ஆம் தேதி அவர் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கி இடையிலேயே தெளிவாக மறுத்திருந்தால் 30 நாள் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

எப்போதுவரை போகலாம்? 2021 திட்டத்தின்படி, வங்கியின் பதில் கிடைத்ததிலிருந்து ஓராண்டு. பதிலே வராவிட்டால் வங்கிக்குப் புகார் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டும் 30 நாளும். ஆனால் ரிசர்வ் வங்கி இந்தத் திட்டத்தை அவ்வப்போது மாற்றியமைப்பதால், ஓராண்டு இருக்கிறதே என்று ஆறப்போட வேண்டாம். புகார் பதியும் நாளில் நடைமுறையில் உள்ள கெடுவைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

புகாரை cms.rbi.org.in தளத்தில் பதியலாம். கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்து உள்ளே போனால், வங்கியிடம் எப்போது எழுத்தில் புகார் செய்தீர்கள், பதில் வந்ததா என்று கேட்கும். இங்கே தேதியைத் தவறாகக் கொடுத்தாலோ, ஒப்புகை நகலை இணைக்காவிட்டாலோ புகார் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். இணையம் பழக்கமில்லாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையப் பிரிவுக்குத் தபாலில் அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம். கட்டணம் எதுவும் இல்லை. அம்மாவுக்குப் பதிலாக அவர் மகன், அம்மா கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு பதியலாம். ஆனால் வழக்கறிஞர் மூலம் பதிந்தால் ஏற்க மாட்டார்கள். இதே விஷயத்துக்காக நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் இங்கே ஏற்க மாட்டார்கள்.

அடுத்தது நிவாரணம் கேட்கும் கட்டம். நியாயம் வேண்டும், நடவடிக்கை வேண்டும் என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. இந்த அம்மா கேட்க வேண்டியது: 10,000 ரூபாய், மார்ச் 10 முதல் பணம் ஏறும் நாள்வரை நாளொன்றுக்கு 100 ரூபாய், அலைச்சலுக்கும் செலவுக்கும் உரிய இழப்பீடு. 2021 திட்டத்தில் அலைச்சல், மன உளைச்சல் ஆகியவற்றுக்கு அதிகபட்சம் ஒரு லட்சமும், வங்கியின் தவறால் நேர்ந்த நட்டத்துக்கு அதிகபட்சம் 20 லட்சமும் தர இடமிருக்கிறது. அது உச்சவரம்புதான். சின்னத் தொகை வழக்கில் அலைச்சலுக்குப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. நாள் கணக்கிலான நூறு ரூபாயோ சுற்றறிக்கையே வகுத்த உரிமை, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

புகார் ஏற்கப்பட்டால் வங்கி 15 நாளுக்குள் தன் தரப்பை ஆவணங்களோடு சொல்ல வேண்டும். பல வழக்குகளில் இந்தக் கட்டத்திலேயே பணம் ஏறிவிடுகிறது. நாம் விழித்திருக்க வேண்டிய இடமும் இதுதான். அசல் தொகையை மட்டும் செலுத்திவிட்டு, தீர்ந்துவிட்டது என்று வங்கி எழுதிவிடலாம். இவருக்கு மே 28ஆம் தேதி 10,000 ரூபாய் ஏறுகிறது என்றால், மார்ச்சில் 22, ஏப்ரலில் 30, மேயில் 28 என 80 நாள் தாமதம். 8,000 ரூபாய் இன்னும் வர வேண்டும். இந்தக் கணக்கை அப்படியே குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு உடனே எழுத வேண்டும். சமரசத்துக்கு ஒப்புக்கொள்ளச் சொல்லி வந்தால் தொகையை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு திரும்பக் கேட்க முடியாது.

சமரசம் ஆகாவிட்டால் குறைதீர்ப்பாளர் தீர்ப்பாணை பிறப்பிக்கலாம். அதை ஏற்பதாக 30 நாளுக்குள் வங்கிக்கு நீங்கள் கடிதம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆணை காலாவதியாகிவிடும். ஆணையில் திருப்தி இல்லையென்றால் அதே 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் செயல் இயக்குநரிடம் மேல்முறையீடு செய்யலாம். புகார் தகுதியற்றது என்று மூடப்பட்டால் மேல்முறையீடு கிடையாது. அந்த நிலை வராமல் தடுப்பது, முதல் நாள் கிளையில் வாங்கும் முத்திரைதான்.

புகாரை எப்படிப் பதிவது என்பதில் சந்தேகம் இருந்தால் 14448 என்ற ரிசர்வ் வங்கியின் எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.