பச்சையும் சிவப்பும் ஒன்றாகும் திரை

ஆன்லைன் கடை ஒன்றின் ஆர்டர் பட்டியலில் நாற்பது வரிகள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சிறு வண்ணப் பட்டை: பொருள் போய்ச் சேர்ந்திருந்தால் பச்சை, ரத்தாகியிருந்தால் சிவப்பு. ரத்தானவை எவை என்று பெரும்பாலோர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பேருக்குச் சிவப்பு-பச்சை நிறப்பார்வைக் குறைபாடு உண்டு. மற்ற இனத்தவரிடம் இது சற்றுக் குறைவு, பெண்களிடம் மிகக் குறைவு. இவர்களில் பலர் ஒவ்வொரு பட்டையிலும் உள்ள எழுத்தைப் படித்தே ரத்தானதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காரணம் விழித்திரையில் இருக்கிறது. நிறம் காண நம்மிடம் மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய உதவும் இரண்டு வகைகளில் ஒன்று இல்லாமல் போனாலோ, அதன் உணர்திறன் மற்றதை நெருங்கிவிட்டாலோ, இரு நிறங்களும் மங்கிய பழுப்பின் சாயல்களாகவே தெரியும். நீலத்தை உணரும் மூன்றாவது வகைக்குப் பெரும்பாலும் பழுதில்லை. வெளிச்ச வேறுபாட்டை உணரும் திறனும் பெரும்பாலும் குறைவதில்லை. ஆகவே நிறத்தின் பெயரை ஒதுக்கிவிட்டு, அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருள் என்பதிலிருந்து தொடங்குவதே சரியான வழி.

உலகெங்கும் இணையதளங்கள் கட்டப் பயன்படும் பூட்ஸ்ட்ராப் என்ற கருவித்தொகுப்பின் ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதில் வெற்றியைக் குறிக்கும் பச்சை `#198754`, ஆபத்தைக் குறிக்கும் சிவப்பு `#dc3545`. இரண்டு நிறங்களின் வெளிச்ச வேறுபாட்டை அளக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. வேறுபாடே இல்லையென்றால் 1, கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21. இந்தப் பச்சையை வெள்ளையோடு ஒப்பிட்டால் 4.53 வருகிறது. சிவப்பை ஒப்பிட்டாலும் அதே 4.53. அப்படியானால் பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே? கிட்டத்தட்ட 1 தான். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டும் ஒரே சாம்பல்.

இதை யாருடைய கவனக்குறைவு என்றும் சொல்வதற்கில்லை. நிறப் பின்னணியில் உள்ள சாதாரண எழுத்து படிக்கும்படி இருக்க 4.5 வேண்டும் என்பது இணைய அணுகல் விதி. வெள்ளை எழுத்து தாங்கும் நிறம், அதே நேரம் பளிச்சென்றும் இருக்க வேண்டும் என்று தேடினால், எந்த நிறமும் அந்த எல்லைக் கோட்டருகே வந்து நிற்கும். எழுத்தைக் காப்பாற்றிய விதியே நிறங்களை ஒன்றாக்கிவிடுகிறது. எழுத்துக்கு 4.5 கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நிகழும் பெரிய பிழை.

தீர்வு எளிது. போய்ச் சேர்ந்ததற்கு வெளிர்பச்சைப் பின்னணியும் (`#d1e7dd`) கரும்பச்சை எழுத்தும் (`#0f5132`) கொடுங்கள். எழுத்து 7.2 மடங்கு வேறுபாட்டோடு தெளிவாக நிற்கும். ரத்தானதற்குப் பழைய சிவப்பும் வெள்ளை எழுத்துமே இருக்கட்டும், முன்னால் ஒரு பெருக்கல் குறி சேருங்கள். இப்போது இரு பின்னணிகளுக்கும் இடையே சுமார் 3.5 மடங்கு வேறுபாடு. நாற்பது வரிகளிலும் கவனிக்க வேண்டியவை மட்டும் அடர்ந்து தெரியும், யாருக்கும்.

படிவங்களில் பெட்டியின் ஓரக்கோட்டை மட்டும் சிவப்பாக்கி விட்டுவிடுவது இதைவிட மோசம். பிழை எந்தப் பெட்டியில் என்பதே தெரியாமல் ஒருவர் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார். பெட்டியின் கீழே ஒரு குறியும், "கைபேசி எண்ணுக்கு 10 இலக்கங்கள் வேண்டும், 9 தான் உள்ளன" என்ற வரியும் இருந்தால் போதும்.

வரைபடங்களில் நிறங்கள் ஐந்தாறு தேவைப்படும்போது வெளிச்சத்தை மட்டும் நம்ப முடியாது. அங்கே ஜப்பானிய அறிவியலாளர்கள் மசடாகா ஒகாபேயும் கெய் இட்டோவும் தொகுத்த எட்டு நிறங்கள் கைகொடுக்கும். அதில் உள்ள நீலமும் (`#0072B2`) செந்நிறமும் (`#D55E00`) வெளிச்சத்தில் நெருங்கியவைதான். ஆனால் நீலத்தை உணரும் கூம்புகள் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். அதே தொகுப்பின் மஞ்சளுக்கு (`#F0E442`) வெள்ளைத் தாளில் வெறும் 1.3 தான் வேறுபாடு. மெல்லிய கோட்டுக்கு அது உதவாது, நிறப்பார்வை நன்றாக உள்ளவருக்கும் கூட. எந்த நிறத் தொகுப்பானாலும் கோட்டின் முனையிலேயே அதன் பெயரை எழுதிவிடுங்கள்; ஓரத்தில் உள்ள வண்ண விளக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை மிச்சம்.

குரோம் உலாவியின் டெவ்டூல்ஸில் ரெண்டரிங் பகுதியைத் திறந்தால், நிறப்பார்வைக் குறைபாடுகளைப் போலக் காட்டும் வசதி இருக்கிறது. அதில் `Deuteranopia`, `Protanopia` இரண்டையும் தேர்ந்தெடுத்து உங்கள் பக்கத்தைப் பாருங்கள். சிவப்பு இரண்டாவதில் இன்னும் இருண்டு போகும் என்பதால் ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. குறைபாடு உள்ளவர் யாராவது பக்கத்தில் இருந்தால், அவரிடமும் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.